பாதி கேக் என்ன விலை?

கேக் அக்காவின் வீட்டுத் தொழில் பிழைக்குமா என்பது இந்தப் பண்டிகை ஆர்டரைப் பொறுத்திருந்தது. போன தடவை இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவாக நான்கு படங்களை வரிசையாகப் போட்டிருந்தார்: கேக், மெனு, விலை, முன்பணம் அனுப்பி நேரம் சொல்லி வந்து வாங்கிக்கொள்ளும் முறை. உலகம் முதல் படத்துக்கு ஒரு இதயத்தை எறிந்துவிட்டுப் போய்விட்டது. விரலால் தள்ளி அடுத்ததைப் பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை.

குடும்பத்தின் மூளையான நாத்தனார் இம்முறை வழி சொன்னாள்.

"அண்ணி, கேக்கோட பாதி முதல் படத்துல, மீதி ரெண்டாவது மெனு படத்துல வர்ற மாதிரி போடுங்க. மீதி எங்கேன்னு தள்ளிப் பாக்காம எவனாலயும் இருக்க முடியாது."

அக்கா அப்படியே போட்டார். எல்லாரும் தள்ளிப் பார்க்காமலே இருந்தார்கள். கமெண்ட்டில் கேள்விகள் குவிந்தன: "அக்கா, இந்தப் பாதி கேக் என்ன விலை? வீட்ல ரெண்டு பேருதான்."

"உன் மூளையும் பாதிதானாடி?" என்றார் அக்கா.

"பதிவை அழிச்சிட்டுப் புதுசா போடுங்க."

"அழிச்சா கேட்டவங்க எல்லாம் கமெண்ட்டோட போயிடுவாங்க. வந்த மகராசிகளை நானே விரட்டவா?"

படத்தை மாற்ற வழியில்லை. கீழே இருந்த எழுத்தைத் திருத்தலாம். 'பாதி கேக்கும் கிடைக்கும்' என்று விலையோடு சேர்த்தார். ஆர்டர் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பாதி மட்டும் ஜோடி கிடைக்காமல் மீந்தது.

அதை நாத்தனாருக்கே கொடுத்து, முழு கேக்கின் விலையை வாங்கிக்கொண்டார்.