துணிப்பெட்டியில் கிடந்த ரத்துக் கடிதம்

எங்கள் கயிற்றுக் கிடங்கு ராயபுரத்தில் ரயில் பாதை ஓரமாக இருந்தது. தேங்காய் நார்க் கயிறும் படகுக்குத் தார் பூசின கயிறும் மேல்கூரை முட்ட அடுக்கியிருக்கும். ரயில் எஞ்சினிலிருந்து ஒரு பொறி பறந்து விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் தீ இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்கு அறுபது ரூபாய்.

அந்த ஜூன் மாதம் மனைக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். சரக்கை எல்லாம் விற்று, கூரைக் கீற்றையும் பிரித்தாகிவிட்டது. எரிவதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்கு இன்சூரன்ஸ் எதற்கு? பாலிசியை ரத்து செய்துவிட்டு மீதி ஒன்பது மாதப் பணத்தைக் கேட்கலாம் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நாற்பத்தைந்து ரூபாய் வரும். மார்க்கெட் சந்தில் ஒரு சின்னக் கடைக்கு முன்பணமும் சரியாக நாற்பத்தைந்து. அந்தக் கடையில் மறுபடி கயிறு வைத்து விற்கலாம் என்பதுதான் அவர் எண்ணம் முழுவதும்.

அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் ஐந்தாவது வரை படித்தவள். அவர் சொல்லச் சொல்லக் கடிதத்தை நான்தான் எழுதினேன். மேலே ஆனி மாதத் தேதி போட்டேன். உறையில் தபால்தலையை ஒட்டிக் கையில் கொடுத்து, "இன்னிக்கே பெட்டியில போட்டுடு மே, நான் மிச்ச கயித்தை ஏத்திவுடப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தபால் பெட்டி கள்ளுக்கடைச் சுவரில் தொங்கியது. வாசலில் எப்போதும் பத்துப் பேர் குந்தியிருப்பார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தெருவில் ஆண்கள் இருந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறவள். இரண்டு முறை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தேன். சாயங்காலம் அவர் வந்து, "போட்டியா?" என்று கேட்டார். வாய் தானாக, "போட்டாச்சு" என்றது.

அப்போதே சொல்லியிருந்தால் அவரே நாலு எட்டு நடந்து போட்டிருப்பார். கோபிக்கவும் மாட்டார். மறுநாள் சொல்லலாம் என்று கடிதத்தைத் துணிப்பெட்டியில், கலியாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். மறுநாள் சொன்னால் நேற்று சொன்னது பொய் என்று ஆகும். ஒரு வாரம் போனபின் அது இன்னும் பெரிய பொய். இப்படியே ஆவணியும் வந்தது.

பதில் வராததற்கு அவரே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "வெள்ளக்காரன் கம்பெனி. கப்பல்ல லண்டனுக்குப் போயி, அவன் பாத்து, திரும்ப கப்பல்ல வரணும். மூணு மாசம் ஆவும்." நான் தலையை ஆட்டிக்கொண்டே சோறு போடுவேன். அதுவரை அவர் துறைமுகத்தில் கூலிக்கு மூட்டை தூக்கினார். கடைக்காரரிடம் தவணை சொல்லிச் சொல்லி வந்தார்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை நல்ல மழை. கள்ளுக்கடை வாசலில் ஒருவரும் இல்லை. ஓடிப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு நனைந்துகொண்டே வந்தேன். தேதியை மாற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நாலைந்து நாளில் கம்பெனியிலிருந்து வரச்சொல்லிக் கார்டு வந்தது. காகிதத்தைப் படித்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருந்த ஏஜெண்டு ஆபீசுக்குப் போனார். வயதான குமாஸ்தா ஒருவர் பாலிசியை வாங்கிப் பார்த்து வைத்துக்கொண்டார்.

"இதோ பாருப்பா. நீயா ரத்து பண்ணா, பட்டியல் விகிதம்னு ஒண்ணு இருக்கு. அதன்படி ஆறு மாசத்துக்கு முக்கால் பங்கைக் கம்பெனி எடுத்துக்கும். கிடங்கே இல்லாம போயிட்டதாலே துரை நாள் கணக்குக்கு ஒத்துக்கிட்டார். இருபத்தொன்பது ரூபாயும் பதினாலணாச் சொச்சமும் வரும்."

"இன்னா சாமி இது? ஆறு மாசம் ஏது? மூணு மாசத்துல கிடங்கைப் பிரிச்சுட்டேனே. நாப்பத்தஞ்சு வரணும்."

"கிடங்கைப் பிரிச்ச நாள் எங்களுக்கு எப்படித் தெரியும்? உன் கடிதம் எங்க கைக்கு வந்த நாள்லேர்ந்துதான் கணக்கு. நடுவுல தீப்பிடிச்சிருந்தா நீ வந்து கேட்டிருக்க மாட்டியா? அதுவரைக்கும் பொறுப்பு எங்களோடதுதானே."

"நான் ஆனியிலயே போட்டுட்டேன். தோ நிக்கிறாளே, இவ கையால போட்டது. கேட்டுப் பாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினேன். குமாஸ்தா கடிதத்தோடு குத்தி வைத்திருந்த உறையைத் திருப்பிக் காட்டினார். ராயபுரம் தபாலாபீஸ் முத்திரை, செப்டம்பர் கடைசி. "கடிதத்துல ஆனி, முத்திரையில புரட்டாசி. நான் என்ன சொல்லட்டும்?" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் பணத்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டார். நேராகக் கள்ளுக்கடைப் பக்கம் போனார். பெட்டியைத் திறந்து கடிதம் எடுக்கிற தபால்காரர் அங்கே வந்திருந்தார். எங்கள் தெருவுக்கு இருபது வருஷமாகத் தபால் கொண்டுவருகிறவர்.

"மூணு மாசம் பெட்டியில தூங்கவுட்டியா என் கடுதாசிய?"

"இன்னா நைனா, பேஜாரு பண்ற? தெனம் ரெண்டு வாட்டி தொறக்குறேன். பல்லி முட்டை இருந்தாகூட எனக்குத் தெரியும்."

"பல்லி முட்டைய எண்ணிக்கினு கடுதாசிய வுட்டுட்ட."

குந்தியிருந்தவர்கள் சிரித்தார்கள். தபால்காரர் சிரிக்கவில்லை. "வேல போற பேச்சுப்பா இது" என்று மெதுவாகச் சொன்னார். நான் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "பெரிய தபாலாபீஸ் துரைக்கு எழுது. இந்த ஆளை வேலையவுட்டு எடுக்கணும். அவன் குத்தம்னு ஆனா கம்பெனியும் நாப்பத்தஞ்சு குடுக்கும்."

அவர் சொன்னார், நான் எழுதினேன். ஆனால் அவர் சொன்னதை எழுதவில்லை. முடிந்ததும், "படி, கேக்கலாம்" என்றார். படித்தேன்.

"ஆனி மாதம் என் புருஷன் கொடுத்த கடிதத்தை நான் பெட்டியில் போடவில்லை. துணிப்பெட்டியில் வைத்திருந்தேன். மழை பெய்த அன்றுதான் போட்டேன். தபால்காரர் பேரில் ஒரு குற்றமும் இல்லை."

வாயால் சொல்ல முடியாததை எழுதிப் படித்துத்தான் சொன்னேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பிறகு, "ஏன் மே?" என்று கேட்டார்.

"ஆம்பிளைங்க குந்தினு இருந்தாங்க" என்றேன். அதைச் சொன்னபோது எவ்வளவு அற்பமான காரணம் என்று எனக்கே தெரிந்தது. அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. காகிதத்தை நாலாக மடித்து அடுப்பில் போட்டார்.

மறுநாள் தனியாகப் போய் ஓரணா ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டு அந்த இருபத்தொன்பது ரூபாய்ச் சொச்சத்தை வாங்கி வந்தார். கடை அந்த வாரமே வேறொருவருக்குப் போயிற்று. இன்னும் இரண்டு வருஷம் மூட்டை தூக்கின பிறகுதான் அவர் மறுபடி கயிறு விற்றார்.

பணம் வாங்கி வந்த அன்று மாலை தபால்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு என் வீட்டுக்காரர் அவரிடம் பேசுவது நன்றாகக் கேட்டது.

"மன்னிச்சுக்கப்பா. கடுதாசிய சட்டைப் பையில வெச்சுகினு நான்தான் மறந்துட்டேன். என் தப்ப ஒத்துக்க வெக்கப்பட்டு உன் மேல பழி போட்டேன்."

"வுடு நைனா. உன் மூளைய கயிறாத் திரிச்சுட்டியா?" என்றார் தபால்காரர். என் வீட்டுக்காரர் கள்ளுக்கடைப் பக்கம் போனபோதும் தான்தான் மறந்ததாகவே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் முழுவதும் என் வீட்டுக்காரரை மறதிக்காரர் என்றே தெருவில் கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். நான் வாசலுக்கு வரமாட்டேன்.