சட்டத்துக்குள் மாட்டிய சுத்தம்

சாப்பாட்டுக் கடை முதலாளிக்குப் பெற்ற பிள்ளைகள் இரண்டு. மூன்றாவது செல்லப்பிள்ளை நகராட்சி கொடுத்த லைசென்ஸ். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டி, மேலே ஒரு விளக்கும் எரியவிட்டிருந்தார். குழம்பில் பூச்சி கிடக்கிறதென்று யாராவது வாய் திறந்தால் போதும், அவர் விரல் சுவர்ப் பக்கம் போகும். "லைசென்ஸ் வாங்கின கடைங்க இது!" அனுமதி இல்லாமல் உள்ளே வந்தது பூச்சியின் தப்பு என்பதுபோல இருக்கும் அந்தக் குரல்.

ஒரு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் சுகாதார ஆய்வாளர் அம்மா வந்து நின்றார். சட்டத்தில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். மேல்தட்டில் பச்சை இறைச்சி. அதன் இரத்தம் கீழ்த்தட்டில் மூடாமல் வைத்திருந்த குழம்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், லைசென்ஸ் போன மாசம்தான் புதுப்பிச்சேன்," என்றார் முதலாளி.

"கிருமிக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

குழம்பைக் கொட்டச் சொன்னார். இனி சமைத்தது மேல்தட்டில், பச்சை இறைச்சி கீழ்த்தட்டில், எல்லாம் மூடியபடி இருக்க வேண்டும். மறுபடி வந்து பார்க்கும்போது சரியாக இல்லையென்றால் லைசென்ஸை நிறுத்திவைப்போம் என்று நோட்டீஸ் கொடுத்தார்.

முதலாளிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தக் குழம்பத்தான் ஊரே சாப்பிடுது! யாருக்கு என்ன ஆச்சு?"

கல்லா மேசைக்கடியில் இருந்த டிபன் கேரியர் ஆய்வாளரின் கண்ணில் பட்டது. "இது யாருக்கு?"

"எனக்குத்தாங்க, வீட்டுச் சாப்பாடு," என்றார் முதலாளி வெள்ளந்தியாக. "கடைச் சாப்பாடு நம்ம வயித்துக்கு ஒத்துக்காது மேடம்."