ஜூலை பதினைந்தாம் தேதித் தாள்

காலையில் ஆபீஸுக்கு வந்ததும் உத்தமன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நாட்காட்டியிடம் போவார். இடது கைக் கட்டைவிரலால் அதன் தகர விளிம்பை அழுத்திக்கொண்டு, நேற்றைய தாளை வலது ஓரத்திலிருந்து, ஒரு நூலளவும் மிச்சம் நிற்காதபடி கிழிப்பார். பிறகு புதிய தாளில் ராகுகாலத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளை இடத்தைக் குனிந்து பார்ப்பார். அங்கே பென்சில் எழுத்து இருந்தால் அன்றைக்கு அதுதான் முதல் வேலை. இல்லாவிட்டால் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

அந்த எழுத்து அவருடையதுதான். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும், ஓசூர் நகைக்கடைக்காரர் கொடுக்கும் தினசரி நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வரப்போகும் தாள்களைத் தூக்கித் தூக்கி எழுதுவார். இன்சூரன்ஸ், லாரி வரி, லைசென்ஸ், பேங்க். எந்த நாளில் ஒரு வேலையைத் தொடங்க வேண்டுமோ அந்த நாளின் தாளில் அந்த வேலை போய் உட்கார்ந்துகொள்ளும். பத்தொன்பது வருடமாக இப்படித்தான். பெங்களூர் பொம்மனஹள்ளியில் கோவிந்தப்பாவின் கட்டட கான்ட்ராக்ட் ஆபீஸில் ஒரு தேதிகூடத் தவறியதில்லை. உத்தமன் லீவு போடாதவர் என்பதால் இந்த ஏற்பாட்டில் ஓட்டை இருப்பதும் யாருக்கும் தெரிந்ததில்லை.

1998 ஜூலையில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதிமூன்றாம் தேதியிலிருந்து இரண்டு வாரம் வீட்டில் படுத்திருந்தார். திரும்பி வந்த திங்கட்கிழமை, நாட்காட்டி சரியான தேதியில் நின்றது. ஆபீஸைப் பெருக்கி டீ போடும் ரத்தினம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"நீ இல்லாத நாள்ல தேதி பின்னாடி நிக்குமா தம்பி? தெனம் ஒண்ணு, ஒன்ன மாதிரியே ஓரத்துல புடிச்சுக் கிழிச்சேன். பாரு, துளி பிசிறு இருக்கா?"

இல்லை. உத்தமனுக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. "ரொம்ப நல்லதுக்கா" என்றார்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அத்திபெலே பம்பு தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. அங்கே அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஜோசஃபின்.

"உத்தமன் சார், உடம்பு எப்படி இருக்கு? சரி, அட்வான்ஸ் கியாரண்டி என்னாச்சு? சனிக்கிழமையோட முடியுது. எக்ஸ்டென்ஷன் இன்னும் எனக்கு வரலை."

 உத்தமனின் கண் சுவரிலிருந்த நாட்காட்டிக்குப் போனது. கிழித்துப்போட்ட தாள்கள் அங்கே எப்படி இருக்கும்?

தொழிற்சாலைக்குள் ஒரு ஷெட்டும் தண்ணீர்த் தொட்டியும் கட்டும் வேலை அது. வேலை தொடங்குவதற்கு அவர்கள் பதினெட்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்துக்குக் கோவிந்தப்பாவின் பேங்க் ஒரு கியாரண்டி எழுதிக் கொடுத்திருந்தது. அட்வான்ஸ் கழியாமல் போனால், தொழிற்சாலை ஒரு கடிதம் கொடுத்தாலே போதும், கேள்வி கேட்காமல் பேங்க் பணம் கட்டிவிடும். கட்டியதைக் கோவிந்தப்பாவின் கணக்கில் பற்று எழுதும். அட்வான்ஸைத் தொழிற்சாலைக்காரர்கள் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அஸ்திவாரத்தில் பாறை வந்துவிட்டது. மிஷின் ஓடும் இடத்தில் வெடி வைக்கக் கூடாது என்றதால் உளி வைத்தே உடைத்தார்கள். இரண்டு மாதம் போயிற்று. இன்னும் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் கழிய வேண்டியிருந்தது. கியாரண்டிக்கு ஆயுள் ஆகஸ்ட் பதினைந்து வரைக்கும்தான்.

"பதினைந்து சுதந்திர தினம், பேங்க் லீவு" என்றாள் ஜோசஃபின். "அதனால எனக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் விட்டுட்டா பதினாறாம் தேதி அது வெறும் காகிதம். அப்புறம் என் வேலை போயிடும் சார். வெள்ளிக்கிழமை எங்க ஆபீஸ் பையன் ரங்கா கையில பணம் கேக்கற லெட்டர் கொடுத்து உங்க பேங்க்லயே உட்கார வைக்கப் போறேன். ரெண்டு மணிக்குள்ள எக்ஸ்டென்ஷன் கைக்கு வந்தா வாங்கிட்டு வருவான். வரலைன்னா லெட்டரை உள்ள கொடுத்துடுவான். தப்பா நினைக்காதீங்க."

"தப்பில்லம்மா. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

போனை வைத்ததும் ரத்தினம்மாளைக் கூப்பிட்டார். "அக்கா, நான் படுத்திருந்தப்போ கிழிச்ச தாளெல்லாம் எங்க?"

"குப்பைக்குத்தான் போச்சு. எழுத்து கிழுத்து இருந்தா நான் போட மாட்டேன். எழுதினதக் குப்பையில போடுறது பாவம்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அச்சுக்கும் பென்சிலுக்கும் வித்தியாசம் அவளுக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது என்று உத்தமன் மேலே கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

கடிதத்தை அவரே டைப் அடித்தார். கியாரண்டி எண், தேதி, தொகை, யார் பெயருக்கு. பாறையால் வேலை தாமதம். அட்வான்ஸ் முழுதும் கழியவில்லை. ஆகையால் 15-2-1999 வரை ஆறு மாதம் நீட்டித்துத் தர வேண்டுகிறோம். மற்ற நிபந்தனைகளில் மாற்றமில்லை. கமிஷனை எங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவும். நீட்டிக்கச் சொல்லி ஜோசஃபின் ஃபேக்ஸில் அனுப்பிய கடிதத்தை இணைத்தார். சாயங்காலம் சைட்டிலிருந்து வந்த கோவிந்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக நடந்து போவதுபோலப் படித்தார்.

"ஏன் ரீ உத்தமன், இத்தனை வருஷம் கூட இருந்து ஒரு தேதி பாத்துக்க முடியலையா உனக்கு? ஜாண்டிஸ்ல கண்ணு மஞ்சளாச்சு, சரி. புத்தியுமா மஞ்சளாச்சு?"

உத்தமன் பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"என் வீட்டுப் பத்திரம் அந்த பேங்க்ல இருக்கு. அவங்க பதினெட்டு லட்சத்துக்குக் கை நீட்டினா எல்லாம் போச்சு. அது என்னா, லெட்டர்ல பதினெட்டே போட்டிருக்க? ஏழு நாற்பதுதானே பாக்கி! ஏழு நாற்பதுக்கு மட்டும் நீட்டச் சொல்லு. கமிஷன் குறையும், பேங்க் பிடிச்சு வெச்சிருக்கற டெபாசிட்டும் கொஞ்சம் வெளிய வரும்."

உத்தமன் மெதுவாக, ஆனால் நகராமல் சொன்னார். "தொகையைக் குறைக்கணும்னா அத்திபெலேயிலிருந்து ஒப்புதல் வரணும்ங்க. அவங்க ஹெட் ஆபீஸ் கேக்கணும். ஒரு வாரம் ஆகும். நமக்கு மூணு நாள்தான் இருக்கு. முதல்ல நாளை நீட்டுவோம். தொகையை அப்புறம் குறைப்போம்."

"இப்ப எனக்கே பாடம் எடுக்கறியா?"

"ஆமாங்க."

 கோவிந்தப்பா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

புதன்கிழமை பேங்கில் சுப்ரமணியன் ஃபைலைப் புரட்டினார். கியாரண்டி வேலையெல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்த குடும்பம். தமிழில் தொடங்கி கன்னடத்தில் முடிப்பார்.

"ஒரு மாசம் முன்னாடி வர்றவர் நீங்க. இப்ப என்ன, கொள்ளி வைக்கிற நேரத்துல வந்து நிக்கறீங்க?"

"தவறிப்போச்சு சார்."

"கியாரண்டிக்காக வெச்ச மார்ஜின் டெபாசிட்டும் பதினேழாம் தேதி மெச்சூர் ஆகுது, கவனிச்சீங்களா? அதை ரின்யூ பண்ணி, யாரும் எடுக்க முடியாதபடி மறுபடி பேங்க் பேர்ல லியன் போடாம நான் மேனேஜருக்கு நோட் எழுத முடியாது. பேங்க் கட்டினா திருப்பித் தர்றேன்னு கவுன்ட்டர் கியாரண்டி புதுசா வேணும், ஸ்டாம்ப் பேப்பர்ல, கோவிந்தப்பா கையெழுத்தோட. நாளைக்குக் கொண்டு வாங்க. மேனேஜர் இருக்காரு, பேசிக்கலாம். ஆகும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆயித்தா?"

வியாழக்கிழமை எல்லாம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு உத்தமன் பேங்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ரங்கா ஒட்டிய கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தான். கவரை இரண்டு பேருக்கும் நடுவில், பெஞ்சின் மேல் வைத்தான்.

"எடுத்துக் கையில வெச்சுக்கோப்பா" என்றார் உத்தமன்.

"வெயிட்டா இருக்குண்ணா. பதினெட்டு லட்சம் வெயிட்டு."

"முழுசுக்குமா கேட்டிருக்காங்க?"

"எனக்கென்ன தெரியும், ஒட்டிக் கொடுத்தாங்க. மேடம் சொன்னது ஒண்ணுதான், ரெண்டு மணின்னா ரெண்டு மணி. டீ வாங்கித் தரீங்களா? தந்தா ரெண்டு அஞ்சு."

உத்தமன் சிரிக்காமல் போய் டீ வாங்கி வந்தார். பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் வெளியே போனார். பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் சுப்ரமணியன் எழுந்து உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார். ஒருமுறை கோபமாக வெளியே வந்து, டைப்பிஸ்டிடம் ஒரு தாளைக் காட்டினார். 15-2-1998 என்று அடித்திருந்தார்கள். வருடத்தைத் திருத்த முடியாது. முத்திரைத்தாளில் அடித்தல் திருத்தல் இருந்தால் தொழிற்சாலை வாங்காது. புதுத் தாளில் மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். கையில் உபரியாக ஒரு முத்திரைத்தாள் வாங்கி வைத்திருந்தவர் உத்தமன்தான்.

ரங்கா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். உத்தமனும் பார்க்கவில்லை. பெஞ்சின் மேல் கவர் இருந்தது. ஃபேன் காற்றில் அதன் ஓரம் எழுவதும் படிவதுமாக இருந்தது.

ஒன்று நாற்பதுக்கு சுப்ரமணியன் வந்து ரங்காவிடம் நீளமான காகிதத்தை நீட்டினார். இரண்டு கையெழுத்து, முத்திரை, அசல். "படிச்சுப் பாத்து, இங்க சைன் பண்ணு."

ரங்கா தேதியை மட்டும் இரண்டு முறை படித்தான். கையெழுத்துப் போட்டான். ஒட்டிய கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "டீ வீணாப் போச்சுண்ணா உங்களுக்கு" என்றான்.

தொகையைக் குறைக்கும் கடிதம் செப்டம்பரில் போயிற்று. நவம்பரில் அதுவும் ஆயிற்று. அட்வான்ஸ் ஜனவரி பில்லோடு தீர்ந்தது. அசல் கியாரண்டி திரும்ப வந்தபோது உத்தமன் அதை பேங்கில் கொடுத்து ரத்து செய்து, ரசீதை ஃபைலில் போட்டார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தேதிகளை ஒரு நோட்டிலும் எழுதத் தொடங்கினார். கோவிந்தப்பா மட்டும் நெடுநாள் விடவில்லை. யார் எதை மறந்தாலும் "உத்தமன் பதினைஞ்சாம் தேதி மறந்த மாதிரி" என்பார். உத்தமன் தலையாட்டுவார். ரத்தினம்மாள் அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். முதலாளி எதிரில் பேசிப் பழக்கமில்லாதவள், டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். 2001-ல் அவள் வேலையை விட்டுத் தன் மகளோடு ஆம்பூருக்குப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வருடம் கோவிந்தப்பா பொறுப்பை மகன் ரகுவிடம் விட்டார். ரகு அப்பாவின் பழைய மேசையை மாற்றினான். மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் விசிட்டிங் கார்டுகளையும் சாமி படங்களையும் எடுத்து வைக்கும் வேலை உத்தமனுக்கு வந்தது. மஞ்சுநாதர் படத்துக்குப் பின்னால் ஒரு நாட்காட்டித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜூலை 15, 1998, புதன். ராகுகாலத்துக்குக் கீழே அவருடைய பென்சில் எழுத்து: பேங்க் லெட்டர், அத்திபெலே கியாரண்டி, இன்றே. தமிழில் எழுதியிருந்தார். கோவிந்தப்பாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும்.

தாளின் ஓரத்தில் நீல மையில் கன்னடத்தில் ஏதோ இருந்தது. பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்ட கன்னடம் உத்தமனுக்கு. எழுத்துக் கூட்டிப் படித்தார். கோவிந்தப்பாவின் கையெழுத்து. 'ரத்தினம்மா கொடுத்தது. உத்தமன் வந்ததும் கேட்கணும்.'