பின்சீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை

முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு வாரம் இரண்டு நாள் பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு பிசியோதெரபிக்குப் போய் வருகிறேன். அங்கே சரியாக்கி அனுப்புவதை வரும் வழியிலேயே பஸ் கெடுத்துவிடும். அதற்காகத்தான் கார். எங்கள் வசதிக்கு ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அனுபவிக்கப்போவது என் முதுகு.

கரும்புக் கொல்லையிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் ரிவ்யூ வீடியோக்களில் விழுந்துவிடுவார். போன வருஷம் வந்த ஒரு வண்டிமேல் அவருக்கு ஒரே மயக்கம். பக்கத்தில் படுத்தபடி நானும் பார்த்துத் தொலைப்பேன். ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் ஓட்டியது அதே மலைப்பாதையில், அதே சிவப்பு வண்டியை. எல்லா வீடியோவும் ஒரே நாள் காலையில் வந்திருந்தன.

“கம்பெனியே கூட்டினு போயி ஓட்டவுட்டுக்கீறான்ங்க” என்றேன்.

“கொறையும்தான் சொல்றான். கேளு.”

குறை என்னவென்றால், தண்ணீர் பாட்டில் வைக்கும் இடம் சின்னதாம். வீடியோவுக்குக் கீழே இருந்த குறிப்பைத் திறந்து காட்டினேன். பயணச் செலவும் தங்கும் செலவும் நிறுவனத்துடையது என்று கடைசி வரியில் இருந்தது.

“அதனால சொல்றதெல்லாம் பொய்யாயிடுமா?”

ஆகாதுதான். இன்ஜினைப் பற்றிச் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்ள நான் போகப்போவது பின்சீட்டில். ஒருத்தராவது அதில் உட்கார்ந்து குண்டும் குழியுமான ரோட்டில் போய்ப் பார்த்தாரா? சண்டை போட எனக்குத் தெம்பில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்புறம் வில்லியனூரில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் அதே வண்டி நின்றது. இவர் ஓடிப்போய் அதன் சொந்தக்காரரைக் கேட்டார்.

“சூப்பர் வண்டிபா. கண்ண மூடிக்கினு வாங்கு.”

கைக்காசு போட்டு வாங்கியவர் வேறு என்ன சொல்வார்? நான் அவர் மனைவியிடம் போனேன். வண்டி எப்படி என்று கேட்கவில்லை. பின்னால் யார் உட்காருவீர்கள், சர்வீஸ் விடும்போது என்ன குறை சொல்லி விடுவீர்கள் என்று கேட்டேன்.

“நான்தான்கா பின்னாடி. தூக்கித் தூக்கிப் போடுது. சர்வீஸ்ல சொன்னா, வண்டியே அப்டித்தான்றான். இடுப்புக்குத் தலவாணி வச்சிக்கினுதான் வருவேன்.”

ஒருத்தர் பேச்சை வைத்து முடிவு பண்ணக்கூடாது. அவர் வண்டி மட்டும் அப்படியோ என்னவோ. தெரிந்தவர்கள் மூலம் அந்த வண்டி வைத்திருக்கும் இன்னும் இரண்டு வீட்டுப் பெண்களை போனில் பிடித்தேன். இருவருக்கும் அதே புலம்பல்.

இவர் நம்பவில்லை. “பொம்பளைங்களுக்கு இன்னா தெரியும்” என்று முனகிக்கொண்டே ஓட்டிப் பார்க்க வண்டியை வரவழைத்தார். ஷோரூம்காரப் பையன் மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பினான். நான் ஏரிக்கரை ரோட்டில் போகச் சொன்னேன். முன்சீட்டில் நான் ஏறிக்கொண்டு இவரைப் பின்னால் உட்காரவைத்தேன்.

முதல் பள்ளத்தில் இவர் தலை கூரையில் இடித்தது. திரும்பி வந்து இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“இது வாணாம்பா, எடுத்துனு போ” என்று பையனை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எனக்கே இப்டி வலிக்குதே. நீ எப்டிமா பஸ்ல போயினு வந்த இத்தினி நாளு?”

ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் இதைக் கேட்டதே இல்லை. அழுதுகொண்டே உள்ளே போய்விட்டேன்.