எதற்காக மன்னிப்பு

மெமோவை வாங்கும்போதே எனக்கு ஆத்திரம் வந்தது. பஸ் கம்பெனி மேனேஜர் அதை மேஜையின் இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மறு உத்தரவு வரும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதாகவும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் கடைசி வரிகள் சொல்லின.

குற்றச்சாட்டு இரண்டு. காரணமின்றி எல்லைச் சோதனைச்சாவடியில் வண்டியைத் தாமதப்படுத்தினேன். மரியாதைக்குரிய பயணி ஒருவரைப் பலர் முன்னிலையில் அவமதித்தேன். அந்த மரியாதைக்குரியவர் யார் என்று மெமோவில் இல்லை.

நான் அப்போது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போய்வரும் வண்டியில் கண்டக்டர். அந்தப் பக்கம் சாராயக் கடை திறந்திருக்கும், எங்கள் பக்கம் மதுவிலக்கு. திரும்பி வரும்போது எல்லையில் போலீஸ்காரர்கள் மேலே ஏறி மூட்டை முடிச்சைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். பாட்டில் அகப்பட்டால் கண்டக்டர்கள் எல்லோரும் ஒன்றுபோல், "யாருதுன்னு தெரியலைங்க" என்று சொல்லிவிடுவோம். அவர்கள் பாட்டிலை எடுத்துக்கொள்வார்கள், வண்டி போகும்.

அன்றைக்கு மேலே ஒரு கூடையில் பாட்டில்கள் அகப்பட்டன. தலைமைக் காவலர் புதிதாக வந்தவர். கூடைக்கு ஆள் தெரியாமல் வண்டி நகராது என்று சொல்லி, சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண், காய்ச்சலில் சுருண்டு கிடந்த ஒரு கிழவர். வெயில் வேறு. முன் சீட்டில் எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி முறையான மிளகாய் மண்டிக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கூடையை ஏற்றிக் கட்டியதே நான்தான். பொறுத்துப் பார்த்தேன். கடைசியில், "ஐயா, உங்க கூடைதானே, சொல்லிடுங்க" என்றேன். நான் செய்த அவமரியாதை அவ்வளவுதான்.

மெமோவோடு வெளியே வந்ததும் எங்கள் டிரைவர் பிடித்துக்கொண்டார். வயதில் மூத்தவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒரு வரி மன்னிச்சுக்கோங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வாப்பா. ரெண்டு நாள்ல வண்டி ஏறிடலாம்."

"எதுக்குண்ணா மன்னிப்பு? நீயும்தானே பாத்த?"

"பாத்தேன். அதுக்கு இப்ப என்னா பண்றது?"

மேனேஜரும் அதையேதான் சொல்லி அனுப்பினார். ஆனால் போன வருஷம் மத்தூர் லைனில் ஒருவர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், தனியாக விசாரணை எதற்கு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது மறக்கவில்லை. வீட்டில் இரண்டு குழந்தைகள். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலையும் தெரியாது.

தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனேன். அவர் கேட்காமலேயே, 'சமூகத்துக்கு அடியேன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது, அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருளி' என்று ஆரம்பித்துவிட்டார். பிழையே செய்யவில்லை என்றேன். "அப்ப எதுக்கு மனு?" என்றார். அவரிடம் இருந்த வார்த்தைகளில் கெஞ்சாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. எரிச்சலோடு எழுந்து வந்து நானே எழுதினேன்.

முதல் குற்றச்சாட்டை மறுக்கிறேன். வண்டியை நிறுத்தியது போலீஸ். காரணத்தை அன்றைய ட்ரிப் ஷீட்டில் எழுதி, தலைமைக் காவலரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். இரண்டாவதையும் மறுக்கிறேன். பயணியின் பெயரோ, நான் சொன்னதாகக் கூறப்படும் சொற்களோ மெமோவில் இல்லாததால் முழு விளக்கம் தர இயலவில்லை. ஆகவே பயணியின் புகார், செக்கிங் இன்ஸ்பெக்டர் அறிக்கை, அன்றைய ட்ரிப் ஷீட், நிர்வாகம் ஆதாரமாகக் கொள்ளும் மற்ற எல்லாக் காகிதங்கள் ஆகியவற்றின் நகல் வேண்டும். அவற்றைப் பார்த்த பிறகு மேல்விளக்கம் தரும் உரிமை எனக்கு உண்டு. விசாரணை வைத்தால் உடன் வேலை செய்பவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துவர அனுமதி வேண்டும்.

அந்த 'மற்ற எல்லாக் காகிதங்கள்' என்பதை எழுதியபோது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வக்கீல் மாதிரி எழுதிவிட்டேனாம்.

மேனேஜர் கையில் வாங்க மறுத்தார். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பதில் வந்தது: விளக்கம் திருப்தியாக இல்லை, ஆவணங்கள் விசாரணையில் காட்டப்படும். நகல் இல்லாமல் எப்படித் தயாராவது என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. வண்டி தினமும் என் வீட்டு வழியாகத்தான் போகும். வேறொருவர் படியில் நின்று விசில் ஊதுவதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது போலக் கேவலம் வேறில்லை.

விசாரணை கம்பெனி ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் நடந்தது. விசாரணை அதிகாரியாக வெளியூர் வக்கீல் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். துணைக்கு டிரைவர் அண்ணா வந்தார். வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன்.

பயணியின் புகாரைக் கேட்டேன். வாய்மொழிப் புகார் என்றார் மேனேஜர். ட்ரிப் ஷீட்டைக் கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். "நீ கேட்ட மத்த காகிதம் இருக்குதுப்பா" என்று ஃபைலிலிருந்து ஒன்றை எடுத்து வக்கீலிடம் நீட்டினார்.

'அன்று பயணியிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டது உண்மை. வண்டி தாமதமானதற்கு நானே பொறுப்பு. மன்னிக்கவும்.' சம்பவத்துக்கு மறுநாள் தேதி. கீழே என் கையெழுத்து, தெலுங்கில்.

ஐந்தாம் வகுப்பு வரை ஓசூர்ப் பக்கம் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த அன்று வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள், தெலுங்கில் போட்டேன். எல்லோரிடமும் வெற்றுத் தாளில் வாங்கி வைப்பது எங்கள் கம்பெனியில் பழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் இங்கிலீஷில் போடச் சொல்லி மேனேஜரே மாற்றினார். அதன்பின் ஒரு தடவைகூட நான் தெலுங்கில் போட்டதில்லை.

"கையெழுத்து உம்முடையதுதானா?" என்றார் வக்கீல்.

"என்னுதுதாங்க. ஆனா—"

'ஒப்புக்கொண்டார்' என்று எழுதிவிட்டார். பழைய தாள் என்றேன். மெமோ நகலில் இருக்கும் என் இங்கிலீஷ் கையெழுத்தைப் பாருங்கள் என்றேன். மறுநாளே மன்னிப்பு எழுதியிருந்தால், அதற்கப்புறம் எதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள் என்றேன். வக்கீல் பேனாவை மூடாமல் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்" என்று வக்கீல் அடுத்த வரிக்குப் போனார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

முடிவில் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார். நான் சொன்னது எதுவும் அதில் இல்லை. 'சொன்னவை எழுதப்படவில்லை' என்று நானே எழுதினேன். கடைசி வரிக்குக் கீழே பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது. மேலிருந்து கீழ் வரை குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். எழுத்தை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

"என்னாப்பா இது, காகிதத்தைக் கிறுக்கி வச்சிருக்கே?" என்றார் மேனேஜர்.

"இடம் விட்டா யாராவது எழுதிடுவாங்க" என்றேன்.

வேலைநீக்க உத்தரவு தபாலில் வரும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வந்தது.

ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் டிரைவர் அண்ணாவுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானு மூணு வெத்துத் தாள்ல போட்டுக் குடுத்திருக்கேன்ப்பா" என்றார்.