பொருந்தவில்லை என்று மட்டும்

கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு ரசாயனக் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் பிரிசில்லாவுக்கு இது பதினெட்டாவது வருஷம். சஸ்பெண்ட் கடிதமும் அவள் கையால்தான் போகும் என்பதால் கேன்டீனில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் பக்கத்து மேஜைப் பேச்சு அடங்கிவிடும். திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலும் பேச ஆள் கிடையாது.

ஜூன் மாதம், புதிதாகத் தேர்வானவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனத்தின் அறிக்கை வந்தது. ஸ்டோர்ஸ் உதவியாளராகத் தேர்வான காட்டுமன்னார்கோயில் செந்தமிழ்செல்வன், பி.காம் படிப்பில் எல்லாத் தாளிலும் தேர்ச்சி என்று மார்க் ஷீட் கொடுத்திருந்தான். பல்கலைக்கழகப் பதிவேட்டில் அதே பதிவெண்ணுக்கு இரண்டு தாள் அரியர்.

"போலி சர்ட்டிஃபிகேட்னு போட்டு ஆஃபரக் கேன்சல் பண்ணிடுங்க," என்றார் மேலாளர் சுப்பிரமணியன்.

"யாரு பண்ணாங்கன்னு நமக்குத் தெரியாது சார். மொதல்ல அவருகிட்ட வெளக்கம் கேப்போம்."

ஏழு நாள் அவகாசம் கொடுத்தாள். ஐந்தாம் நாளே அவன் நேரில் வந்துவிட்டான்.

"செதம்பரத்துல ஒரு சென்டர் மூலமா தபால்ல படிச்சேன் மேடம். ரெண்டு பேப்பர் போச்சு. மறுமதிப்பீட்டுல பாஸாயிடுச்சுன்னு அவுங்கதான் இந்த மார்க் ஷீட்டக் குடுத்தாங்க. இப்பப் போய்ப் பாத்தா அங்க செல்போன் கடை இருக்குது."

"நெட்ல ரிசல்ட் பாக்கலயா?"

"பாக்கப் பயமா இருந்துச்சு மேடம்."

அவன் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு அவளே நேரடியாக எழுதிக் கேட்டாள். மறுமதிப்பீட்டு விண்ணப்பமே வரவில்லை என்று பதில் வந்தது. சரிபார்ப்புக்கு உட்பட்டே வேலை என்று ஆஃபர் கடிதத்திலேயே இருந்ததால் முடிவில் குழப்பம் இல்லை. வார்த்தைகளுக்குத்தான் ஒரு பிற்பகல் முழுக்க ஆனது.

"தாங்கள் அளித்த மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகப் பதிவேட்டுடன் பொருந்தவில்லை. தங்கள் விளக்கத்தையும் பரிசீலித்தோம். பட்டத் தேர்ச்சி இப்பணிக்குக் கட்டாயத் தகுதி என்பதால் பணி வாய்ப்பைத் திரும்பப் பெறுகிறோம். இந்த வேறுபாடு யாரால் நேர்ந்தது என்பது குறித்து நிறுவனம் எந்த முடிவுக்கும் வரவில்லை."

சுப்பிரமணியன் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை அனுப்புமுன் அவனுக்குப் போன் செய்தாள்.

"போலின்னு எழுதிட்டீங்களா மேடம்?"

"இல்ல தம்பி. பொருந்தலன்னு மட்டுந்தான்."

"சரிங்க மேடம்." பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டுக் கடிதத்தை அனுப்பினாள்.

மறுவருஷம் மார்ச்சில் அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இரண்டு தாளையும் எழுதித் தேறியிருந்தான். இம்முறை மார்க் ஷீட்டைப் பல்கலைக்கழகத்துக்கே போய் வாங்கினானாம். வேலை எதுவும் கேட்கவில்லை. அந்த இடமும் எப்போதோ நிரம்பியிருந்தது.

'அடுத்த காலியிடம் வந்தால் விண்ணப்பியுங்கள். முன்பு நடந்ததை நீங்களே அதில் குறிப்பிட்டுவிடுங்கள்,' என்று பதில் எழுதினாள்.

யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சான்றிதழ் விவகாரம் வெளியே பேசக்கூடியதில்லை. விஷயம் தெரிந்த சுப்பிரமணியன் அறைக்கு எழுந்து போனாள். அவர் போனில் இருந்தார். கொஞ்ச நேரம் கதவருகே நின்றுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.