இருமடங்கு வயதும் ஆய்வாளர் வருகையும்

தூத்துக்குடியில் நான் கணித ஆசிரியராகப் பணியாற்றிய உயர்நிலைப் பள்ளியில், 1974ஆம் ஆண்டின் முடிவில் தலைமையாசிரியர் பதவி காலியாகவிருந்தது. பணிமூப்பில் எனக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் வேறுபாடு இல்லை. எனவே நவம்பரில் வரவிருந்த கல்வித்துறை ஆய்வாளரின் அறிக்கையைப் பார்த்தே முடிவு செய்யப்படும் என்று தாளாளர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். நான் அப்பதவியை விரும்பினேன். அதை மறைப்பதில் பொருளில்லை.

ஆய்வாளர் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார். சமன்பாடுகள் நடத்திக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, சுண்ணக்கட்டியைத் தாமே வாங்கிக்கொண்டு, முதல் பெஞ்சில் இருந்த மாணவியை எழுப்பினார். அவள் தந்தை கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணியின் தலைவர். தந்தையின் வயதைக் கேட்டார். நாற்பத்து மூன்று என்றாள். அவளுக்குப் பதினான்கு. தந்தையின் வயது மகளின் வயதைப்போலச் சரியாக இருமடங்காகும் ஆண்டு எது என்பது கேள்வி.

பலகையில் 43 + x = 2(14 + x) என்று அழகாக எழுதினார். x = 15 என வந்தது. 1989ஆம் ஆண்டில் தந்தைக்கு 58, மகளுக்கு 29. ஐயம் ஏதும் உண்டா என்று வினவினார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"சார், ஜூலையில எங்க சார் இதே கணக்கப் போட்டாங்க. எங்க அப்பா வயச வச்சுத்தான். அப்ப 1988 வந்துச்சு."

அவள் சொன்னது உண்மை. ஜூலையில் அவள் தந்தைக்கு 42. அதன்படி x = 14; 1988இல் தந்தைக்கு 56, மகளுக்கு 28. வகுப்பு முழுவதும் எழுதி வைத்திருந்தது.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஏளா, நாலு மாசத்துல ஒங்கப்பா ஒரு வருசத்த எங்கன கொண்டு போட்டாரு?" என்றாள். சிரிப்பு எழுந்தது. நான் பார்த்தவுடன் அடங்கியது.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "ஒரே தந்தை, ஒரே மகள். இரண்டு விடைகள் எப்படி வரும்? எது தவறு?"

ஜூலையில் கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அல்லது மாணவி தவறாக எழுதிக்கொண்டாள் என்றிருக்கலாம். இரண்டும் பொய். அவளிடம் பிறந்த மாதங்களைக் கேட்டேன். தந்தை 1931 ஆகஸ்டில், மாதா கோயில் திருவிழா நாளில் பிறந்தவர். அவள் பிறந்தது 1960 ஜனவரி. அனுமதி கேட்டு, சுண்ணக்கட்டியைப் பெற்றுக்கொண்டேன்.

மகள் பிறந்தபோது தந்தைக்கு 28 வயது முடிந்து ஏறக்குறைய ஐந்து மாதம். முடிந்த ஆண்டுகளை மட்டும் எண்ணுவதால், ஜனவரியிலிருந்து ஆகஸ்டு வரை இருவருக்கும் உள்ள இடைவெளி 28 என்றும், ஆகஸ்டுக்குப் பின் 29 என்றும் தோன்றும். ஜூலையில் கேட்டால் 1988. நவம்பரில் கேட்டால் 1989. 1988 ஜனவரி முதல் ஆகஸ்டு வரை அவர்கள் வயது 56, 28. 1989 ஆகஸ்டுக்குப் பின் அடுத்த ஜனவரி வரை 58, 29. இடைப்பட்ட மாதங்களில் இருமடங்கு இல்லை. மாதமும் நாளும் சேர்த்துப் பார்த்தால், தான் பிறந்த நாளில் தந்தைக்கு இருந்த வயதை மகள் எட்டும் ஒரே நாளில்தான் இருமடங்கு அமையும். அது 1988 ஜூன் மாதத்தில் வரும்.

"அப்போ நான் போட்டது தப்புங்கியளா?" என்றார் ஆய்வாளர். அதுவரை புத்தகத் தமிழில் பேசியவர்.

"முடிந்த ஆண்டுகளைக் கொண்டு பார்த்தால் தங்கள் விடையும் சரி, ஐயா. ஆனால் சரியாக இருமடங்கு என்று கேட்டீர்கள். அதற்கு 1988தான்."

அவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வகுப்புக்குச் சென்றார். எளிய பாடத்தைத் தேவையின்றிச் சிக்கலாக்கும் போக்கு கணித ஆசிரியரிடம் காணப்படுகிறது என்பது அறிக்கையின் வாசகம். வரலாற்று வகுப்பைப் பாராட்டியிருந்தார். அது பாராட்டத் தக்க வகுப்புதான்.

ஜனவரியில் வரலாற்று ஆசிரியர் தலைமையாசிரியரானார். நல்ல மனிதர், என் நண்பரும்கூட. பொறுப்பேற்ற நாளன்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "அண்ணாச்சி, 'தங்கள் விடையும் சரி'ன்னு சொல்லி அதோட நிறுத்தியிருந்தா இந்த நாற்காலி உங்களுக்குத்தான்."

பாதி விடைக்கு நான் மாணவர்களுக்கே முழு மதிப்பெண் கொடுத்ததில்லை என்றேன். அவர் சிரித்தார், நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

ஆண்டுத் தேர்வுக்கான வினாத்தாளை அவர் ஒப்புதலுக்கு அனுப்பினேன். வயதுக் கணக்கின் கீழ் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'தந்தையும் மகளும் ஒரே தேதியில் பிறந்தநாள் உடையவர்கள் எனக் கொள்க.' அந்த வரி அவசியமா என்று ஆளனுப்பிக் கேட்டார். அவசியம் என்று சொல்லியனுப்பினேன். மாலைக்குள் கையெழுத்தாகி வந்தது.